இந்த வாரப் பெட்டி: வெண்டை நிறைய, கீரை கொஞ்சம்

வணக்கம். சனிக்கிழமை காலை வரும் பெட்டியில் வெண்டைக்காய் முக்கால் கிலோ, கத்தரிக்காய் அரை கிலோ, முருங்கைக்காய் 4, சின்ன வெங்காயம் கால் கிலோ, வாழைப்பூ 1. ஆடிக் காற்றில் கீரை வாடிவிடுகிறது, ஒரு கட்டுதான். அதற்கு ஈடாகத்தான் வெண்டை கூடுதல்.

வெண்டையைக் கழுவி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் இரண்டே நாளில் கறுத்துக் கொழகொழத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் தாங்கும். முற்றும் முன்பே மண்டி வைத்துவிடுங்கள். கெட்டியான இரண்டாம் கழனியில் புளி கரைத்து, நறுக்கிய வெண்டையை நல்லெண்ணெயில் வழவழப்பு போகும்வரை வதக்கிய பிறகே ஊற்றணும். முதல் கழனியில் தூசி இருக்கும், வேண்டாம்.

கத்தரியில் ஒன்றிரண்டில் துளை இருக்கலாம், காய்த்துளைப்பான் புழு. அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். பாதிக்கு மேல் சொத்தை என்றால் படம் அனுப்புங்கள், அடுத்த பெட்டியில் ஈடுகட்டிவிடுவோம்.

ஆடிச் சந்தா இந்தப் பெட்டியோடு முடிகிறது. அடுத்த 4 பெட்டிக்கு 1,600 ரூபாய், விலை ஏறவில்லை. வியாழன் மாலைக்குள் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை உங்கள் கணக்குக்கும் சேர்த்துப் பறிப்போம். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் நிறுத்தி வைக்கலாம், பணம் அப்படியே இருக்கும். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வீடுகளுக்கு வழக்கமான நேரம்தான். காலிப் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிடுங்கள்.