தஞ்சை திலகர் திடல் மெல்லிசைக் கச்சேரி: வேலை நேரத்தாள் (ஜனவரி 22, 23, 24)

கச்சேரி சனிக்கிழமை மாலை 6:30. அசைக்க முடியாத நேரம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து பின்னால் எண்ணிப் போட்டது. கால் டைம் என்றால் திடலில் கையுறையோடு நிற்கும் நேரம். பழைய பஸ் ஸ்டாண்டில் டீ சொல்லும் நேரம் இல்லை.

வெள்ளி 22
ஸ்டேஜ் ஆட்கள், 8 பேர்: காலை 8:30
ஜெனரேட்டர் 2 வண்டி: பிற்பகல் 2:30
லைட், 6 பேர்: 3:30

சனி 23
சவுண்ட் 5 பேர், லோடுமேன் 6 பேர்: காலை 7:00
எல்.இ.டி. வால், 4 பேர்: 8:15
சேர் போடுபவர்கள்: 11:30
இசைக்குழுவின் பொருட்கள்: 1:45
வாத்தியக்காரர்கள்: 2:45
பாடகர்கள்: 3:30
கேட், தடுப்பு, 10 பேர்: 4:45
கழற்றும் லோடுமேன், 8 பேர்: இரவு 8:30

ஞாயிறு 24
ஸ்டேஜ் ஆட்கள்: சனி இரவு கழிந்து நள்ளிரவு 12:30

ஏன் இந்த நேரம்

கேட் 5:45-க்குத் திறக்கும். ஜனம் உள்ளே வந்தபிறகு மேடையில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" கேட்கக் கூடாது. எனவே சவுண்ட் செக் 5:15-க்கு முடிய வேண்டும். நடுவில் உள்ள அரை மணி நேரம் கேபிளுக்கு டேப் ஒட்ட, மேடையைத் துடைக்க, குத்துவிளக்கு வைக்க. திரி, எண்ணெய், தீப்பெட்டி மூன்றும் ஒரே பையில் கேட் பொறுப்பாளரிடம் இருக்கும். போன முறை வேறு ஊரில் விருந்தினர் விளக்கின் முன் நிற்க, நாங்கள் தீப்பெட்டிக்குப் பெட்டிக்கடை தேடி ஓடினோம்.

12 பேர் கொண்ட குழுவுக்குச் சவுண்ட் செக் இரண்டு மணி நேரம். கால் மணி நேரம் கூடுதலாக வைத்திருக்கிறேன். அது என் கணக்கு, யாரும் செலவழிக்க வேண்டாம். ஆக 3:00-க்குத் தொடக்கம். முதல் அரை மணி டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் போய்விடும், அதனால்தான் பாடகர்களுக்கு 3:30. அதற்கு முன் மைக், வாத்தியங்களின் 32 லைனும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்றாவது மக்கர் பண்ணும், எனவே லைன் செக் 2:15. மதியச் சாப்பாடு 12:30 முதல் 1:30 வரை, இரண்டு பந்தி. ஸ்பீக்கர் ட்யூனிங் 12:00-க்கு.

திடலுக்கு லாரி வர ஒரே வழி. சவுண்ட் லாரி 8:00-க்கு வெளியே போனால்தான் எல்.இ.டி. லாரி உள்ளே வரும். அதுவும் வெளியே போகும்வரை ஒரு நாற்காலியும் இறங்கக் கூடாது.

லைட் ஏன் முந்தின நாளே? ஃபோகஸ் பண்ண இருட்டு வேண்டும். சனிக்கிழமை இருட்டும்போது ஜனம் உட்கார்ந்திருக்கும். ஆகவே வெள்ளி இரவு 7:00 முதல் 9:30 வரை ஃபோகஸ். லைட் மாட்டும் சட்டமான டிரஸ்ஸை ஏற்ற மூன்று மணி நேரம்: 3:30. அதற்கு மேடை 3:15-க்குத் தயாராக வேண்டும். 40-க்கு 30 அடி மேடைக்கு, சாப்பாடு நீங்கலாக ஆறு மணி நேரம்: 8:30. தை மாதப் பனி இறங்கும். இரவு கிளம்பும் முன் லைட் போர்டையும் கனெக்டர்களையும் தார்ப்பாயால் மூடுங்கள்.

கழற்றுதல்

இதற்கும் பின்னாலிருந்துதான் கணக்கு. ஞாயிறு காலை 6:00-க்குத் திடலை ஒப்படைக்கிறோம், நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுவார்கள். குப்பை பொறுக்க, ஆணி தேட ஒரு மணி நேரம். மேடை பிரிக்க நாலு மணி நேரம்: 1:00. அதற்குள் டிரஸ் தரைக்கு வந்து லைட் லாரி கிளம்பியிருக்க வேண்டும்.

கச்சேரி 9:30-க்கு முடியும். ஒன்ஸ்மோர் கைதட்டலுக்கு 9:45 வரை பொறுப்பேன். இரவு 10:00-க்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டத்திலேயே அனுமதி இல்லை, "இன்னும் ஒரே பாட்டு" என்று யார் கேட்டாலும் என்னிடம் அனுப்புங்கள்.

கழற்றும் லோடுமேன்களுக்கு 8:30-க்கே சாப்பாடு. பசியோடு டிரஸ்ஸின் கீழ் நிற்கக் கூடாது. முடிந்ததும் முதலில் மைக்: எண்ணி, பெட்டியில் போட்டு, கையெழுத்து. ஜனம் கலைந்து 10:00-க்குச் சவுண்ட் இறங்கும், லாரி 11:15. அடுத்து எல்.இ.டி., லாரி 12:00. ஷார்ப்பி லைட்டுகளை அணைத்ததும் பவரைப் பிடுங்காதீர்கள்; ஃபேன் ஓடி ஆறட்டும், இருபது நிமிடம். லைட் லாரி 12:50.

ஒரு ஜெனரேட்டர் 11:30-க்குப் போகலாம். மற்றது காலை 5:30 வரை இருக்கும். வேலை விளக்கு அதில்தான் எரிகிறது. டீசல் வெள்ளி மாலையே நிரம்பியிருக்க வேண்டும். பேட்டா, லாரி ஏறும் இடத்தில் கையில் தருவேன்.