பில்லுக்குப் பின்னால்

கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரியவர் மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"நேத்து என் பேரன்கிட்ட என்னத்தக் குடுத்துவிட்ட தாயி?"

செல்வி அட்டையை எடுத்துப் பார்த்தாள். "பிரஷர் மாத்திரைதான் ஐயா. உங்க பழைய கம்பெனி சரக்கு பத்து நாளா வரலை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் இதைக் குடுத்தேன். சீட்டுலயும் எழுதிவிட்டேனே."

"எழுதினா ஆச்சா? அது பச்சை அட்டை. இது வெள்ளை. மாத்திரையும் பொடிசா இருக்கு."

அவர் தேனி டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்து டிக்கெட் கட்டில் நிறம் மாறினால் காசு மாறும். நிறத்தைப் பார்த்தே கிழித்துக் கிழித்துப் பழகிய கை. அந்தக் கையிடம் போய், நிறம் ஒரு பொருட்டில்லை என்று எப்படிச் சொல்வது?

செல்வி சொல்லிப் பார்க்கவில்லை. "பழைய அட்டை வச்சிருக்கீங்களா?" என்றாள்.

சட்டைப் பையிலிருந்து வந்தது. நாலு மாத்திரை மிச்சம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் தொட்டுக் காட்டினாள். "இது கம்பெனி வச்ச பேரு. ஆளுக்கொரு பேரு வச்சுக்குவாங்க. இது மருந்தோட பேரு, எழுத்துக்கூட்டிப் படிங்க."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "அம்…லோ…டிபின். அஞ்சு."

"இதுல?"

"அம்லோடிபின். அஞ்சு." கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பக்கத்துல எதுவும் ஒட்டு எழுத்து போட்டிருக்கானா?"

நல்ல கேள்வி. பாதிப் பேர் இதைக் கேட்பதில்லை. "பேருக்குப் பின்னாடி ஏடி, ஹெச்னு வந்தா கூட இன்னொரு மருந்து சேர்ந்திருக்குன்னு அர்த்தம். இதுல ஒண்ணும் இல்லை. அஞ்சு மில்லிகிராம், அதே மருந்து. மாத்திரையைப் பிடிக்கச் சேர்க்கிற மாவும் சாயமும்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேற."

"அப்ப ஏன் 18 ரூபா கம்மி?"

"பழைய கம்பெனி பேருக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து விலை வைக்கிறாங்க."

"உனக்கு இதுல எவ்வளவு நிக்குது?"

பின்னால் நின்ற பெண் சிரித்துவிட்டாள். செல்வி பில் புத்தகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"பழசைவிடக் கொஞ்சம் கூடத்தான் நிக்கும் ஐயா. வேண்டாம்னா சொல்லுங்க, பழசு வந்ததும் எடுத்து வைக்கிறேன். ஆனா அதுவரைக்கும் மாத்திரை இல்லாம இருக்காதீங்க."

பெரியவர் பதில் சொல்லவில்லை. அவர் தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் செல்வி புது அட்டையில் ஒரு குழி காலியாக இருப்பதைக் கவனித்தாள்.

"காலையில இதைப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"பழசு?"

"அதையும் போட்டேன். இது வேலை செய்யலைன்னா அது செய்யட்டுமேன்னு."

செல்வி மேசையைச் சுற்றி வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. எத்தனை மணிக்கு?"

"ஏழு இருக்கும்."

பட்டையைக் கையில் சுற்றி மெஷினை அழுத்தினாள். 118, 70. தலைசுற்றல் இல்லை, கண் இருட்டவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு வந்து, "பயப்பட ஒண்ணுமில்லை. சிலருக்கு டாக்டரே பத்து எழுதுறதுதான். ஆனா உங்களுக்கு அஞ்சுதான் அளவு. இந்த மருந்து மெதுவாத்தான் ஏறும், மத்தியானத்துக்கு மேலயும் பிரஷர் இறங்கலாம். இன்னைக்கு வெயில்ல தனியா நடக்காதீங்க. படுத்திருந்தா சட்டுனு எந்திரிக்காதீங்க. தலை சுத்தினா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். நாளைக்குக் காலையில வழக்கம்போல ஒண்ணு. மிச்ச நாலும் முடியட்டும், அப்புறம் இதைத் தொடுங்க."

"ரெண்டும் ஒரே டிக்கெட்டுதான்னு சொல்ற."

"ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சிட்டீங்க."

அவர் சிரித்தது பொய்ப்பல் ஆடும் சிரிப்பு. பேரனைக் கூப்பிட்டு வண்டி கொண்டுவரச் சொன்னார். புது அட்டையின் பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் சட்டைப் பை டைரியில் குறித்துக்கொண்டார். அதைச் செய்யாமல் அவரால் எழுந்திருக்க முடியாது போலிருக்கிறது. நேற்றைய கடனுக்கு, பழைய விலைக்கு எண்ணி வைத்திருந்த பணத்தை நீட்டினார்.

செல்வி கல்லாவைத் துழாவினாள். "18 ரூபா உங்களுக்குத் தரணும். சில்லறை இல்லையே ஐயா."

"பில்லுக்குப் பின்னாடி எழுதிக் குடு தாயி. முப்பது வருசம் நான் எழுதிக் குடுத்திருக்கேன். ஒருத்தனும் என்னைய நம்பிப் பாத்ததில்லை, இறங்குற வரைக்கும் என் பையையே பாத்துக்கிட்டு வருவான்."

செல்வி பில்லைத் திருப்பி, பெரிதாக 18 என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, நாலாக மடித்தார்.