உங்கள் கிளெய்ம் ஏன் நிராகரிக்கப்பட்டது, இனி என்ன செய்ய வேண்டும்

பெஸ்தாரி ஜெயா
7-9-2025

அன்புள்ள அக்கா,

வியாழக்கிழமை நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஃபைலை முழுதும் படித்துவிட்டேன். காப்புறுதிக் கம்பெனி ஆகஸ்டு 18ஆம் தேதி அனுப்பிய கடிதம் மூன்று பக்கம், எல்லாம் ஆங்கிலம். இருபது வருஷம் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்த எனக்கே அதை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பணம் கட்டியவருக்குப் புரியாத கடிதத்தை அனுப்பிவிட்டு, மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் அந்தக் கடிதத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் நம் பாஷையில் எழுதியிருக்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

கடிதம் சொல்வது இதுதான்:

"உங்கள் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கான 17,460 வெள்ளியை எங்களால் கொடுக்க முடியாது. பிரீமியம் கட்டாததால் உங்கள் பாலிசி காலாவதியாகி, 3-2-2025 அன்று மீண்டும் உயிர் பெற்றது. அப்படி உயிர் பெற்ற நாளிலிருந்து முதல் 120 நாள் சில குறிப்பிட்ட நோய்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. பித்தப்பைக் கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் மருத்துவமனையில் சேர்ந்தது 19-5-2025. அது 105ஆவது நாள்."

கடிதத்தில் வேறு காரணம் எதுவும் இல்லை. நீங்கள் நோயை மறைத்தீர்கள் என்றோ பொய் சொன்னீர்கள் என்றோ அவர்கள் எழுதவில்லை. அன்றைக்கு "என்னைக் கள்ளி என்று எழுதியிருக்கிறார்களா, தம்பி?" என்று கேட்டீர்களே, அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த வேதனையை விடுங்கள்.

120 நாள் என்பது இவர்கள் உங்களுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த விதி அல்ல. மலேசியாவில் மெடிக்கல் கார்டு பாலிசிகளில் இது வழக்கமான விதி. பொதுவாக எந்த நோய்க்கும் முதல் 30 நாள் காத்திருக்க வேண்டும், விபத்துக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. இரத்த அழுத்தம், இனிப்பு நீர், இருதய நோய், கட்டி, பித்தப்பையிலும் சிறுநீர்ப் பாதையிலும் வரும் கல், குடலிறக்கம், மூலம், முழங்கால் தேய்மானம் போன்றவற்றுக்கு 120 நாள். இவை ஒரே இரவில் வருவதில்லை. வலி வந்த பிறகு ஓடிப்போய் பாலிசி எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. நீங்களோ 9-3-2021 முதல் கட்டி வருகிறீர்கள். உங்கள் 120 நாள் அந்த வருஷம் ஜூலை 7ஆம் தேதியே முடிந்துவிட்டது. பாலிசி காலாவதியாகி மறுபடி உயிர் பெற்றது என்று கம்பெனி வைத்துக்கொள்வதால்தான் கணக்கு மீண்டும் முதலிலிருந்து ஓடுகிறது.

ஆகவே கேள்வி ஒன்றுதான், அக்கா. பாலிசி உண்மையிலேயே காலாவதி ஆனதா?

கம்பெனி கணக்கில் அக்டோபர் 9ஆம் தேதி தவணை வரவில்லை. 30 நாள் சலுகை நவம்பர் 8ஆம் தேதி முடிந்தது, பாலிசி செத்தது. ஆனால் உங்கள் பிஸ்கட் டின்னுக்குள் அந்த இளஞ்சிவப்பு ரசீது இருக்கிறது. 28-10-2024 தேதியிட்டது. மாதம் 165 வெள்ளி வீதம் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கு 495 வெள்ளி, ஏஜெண்டின் கையெழுத்து, மேலே கம்பெனி முத்திரை, ரசீது எண். மூலையில் மஞ்சள் கறை, நடுவில் மடித்த கோடு. கார்பன் எழுத்து ஏற்கனவே மங்க ஆரம்பித்துவிட்டது. சலுகை முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கும்போதே நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அந்தக் காகிதம் சொல்கிறது. ஏஜெண்டு அதை உடனே கட்டாமல் வைத்திருந்தால் அது அவருக்கும் கம்பெனிக்கும் இடையிலான விஷயம். கம்பெனி ரசீதுப் புத்தகத்தில் எழுதி வாங்கிய பணம் கம்பெனி வாங்கிய பணம்தான் என்பதே நம் வாதம்.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஜனவரி கடைசியில் ஏஜெண்டு ஒரு பாரத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அது பாலிசியை மீண்டும் உயிர்ப்பிக்கும் விண்ணப்பம். "கணக்கைச் சரிபண்ண" என்று அவர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். கம்பெனி அந்தக் காகிதத்தைக் காட்டி, காலாவதியானதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்லக்கூடும். அதற்குப் பயந்து அதைப் பேசாமல் விடக்கூடாது. நடந்ததை நடந்தபடியே நாமே முதலில் எழுதிவிடுவோம்.

வலி மே மாதம்தான் வந்தது, ஆபரேஷன் அவசரம் என்று நாள் கணக்கில் வாதாட வேண்டாம். டாக்டர் பாரத்தில் "இரண்டு வாரமாக வலி" என்று இருக்கிறது, அதன்படியும் அது 120 நாளுக்கு உள்ளேதான். நகையை அடகு வைத்தேன், தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கிய காசு என்று எழுதினால் படிப்பவர் மனம் இரங்கலாம், முடிவு மாறாது. ரசீதுதான் முடிவை மாற்றும்.

இனி செய்ய வேண்டியவை.

நாளைக்கே ரசீதைக் கலர் ஜெராக்ஸ் மூன்று எடுங்கள். கைப்பேசியிலும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவைக்க மகளிடம் சொல்லுங்கள். அசல் ரசீதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஏஜெண்டு கேட்டாலும். இது ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

பிறகு கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம். முகவரி அவர்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நான் கோடு போட்டுவைத்திருக்கிறேன். மகள் மலாயில் டைப் செய்து தரட்டும். நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று தெரியவேண்டும் என்பதால் கடிதத்தைத் தமிழில் இங்கே எழுதுகிறேன்:

"18-8-2025 தேதியிட்ட உங்கள் கடிதத்தில் என் பாலிசி பிரீமியம் கட்டாததால் காலாவதியானது என்று சொல்லியிருக்கிறீர்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர் 2024 தவணைகளுக்கான 495 வெள்ளியை 28-10-2024 அன்று, சலுகைக் காலத்துக்குள், உங்கள் ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீதின் நகல் இணைத்திருக்கிறேன். ஆகவே பாலிசி காலாவதியாகியிருக்கக் கூடாது, புதிய 120 நாள் கணக்கும் எனக்குப் பொருந்தாது. ஜனவரி 2025இல் நான் கையெழுத்திட்ட பாரம் கணக்கைச் சரிசெய்வதற்கு என்று ஏஜெண்டு சொன்னார். அதை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. காலாவதி அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. என் பிரீமியக் கணக்கின் முழு விவரத்தையும், காலாவதி அறிவிப்பின் நகலையும், அது எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது என்பதையும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கிளெய்மை மறுபரிசீலனை செய்து 17,460 வெள்ளியை வழங்குமாறு வேண்டுகிறேன்."

முகவரியைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனியிடம் இன்னும் உங்கள் பழைய லயத்து முகவரிதான் இருக்கிறது. நீங்கள் தாமானுக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது. தோட்ட ஆபீசுக்கு வந்த கடிதம் எங்கே போனதோ. இந்தக் கடிதத்தோடு புது முகவரியையும் எழுதிக் கொடுத்துவிடுவோம்.

புதன்கிழமை, 10ஆம் தேதி, போஸ்ட் ஆபீசில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் துண்டுச் சீட்டும் பிஸ்கட் டின்னுக்குள் போகட்டும். போனில் யாராவது பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்னது எல்லாவற்றையும் கலண்டரில் குறித்துவையுங்கள்.

கம்பெனி மறுபடியும் முடியாது என்று எழுதினாலோ, 60 நாள் ஆகியும், அதாவது நவம்பர் 9ஆம் தேதி வரை, பதில் வராவிட்டாலோ அடுத்த கதவு ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் ஓம்பட்ஸ்மன் சர்வீஸ். சுருக்கமாக எஃப்எம்ஓஎஸ். 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது, முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது. காப்புறுதிக் கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் வரும் தகராறை விசாரிக்கும் இடம். உங்களுக்குச் செலவு இல்லை, வக்கீல் தேவையில்லை. 250,000 வெள்ளி வரை உள்ள வழக்குகளை எடுப்பார்கள், உங்களுடையது அதற்குள் நன்றாக அடங்கும். முதலில் இரு தரப்பையும் பேசவைத்துப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகும் வழி திறந்தே இருக்கும். தொலைபேசி 03-2272 2811, இணையப் பக்கம் fmos.org.my.

அங்கே போவதற்கு கம்பெனியின் இறுதி முடிவு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. இறுதி முடிவு எது என்று பின்னால் சச்சரவு வரக்கூடாது என்பதற்காக, இந்த ஆகஸ்டு 18ஆம் தேதிக் கடிதத்திலிருந்தே எண்ணிக்கொள்வோம். 18-2-2026 தாண்டக்கூடாது. பொங்கலுக்கு முன்பே போட்டுவிடுவோம்.

பேங்க் நெகாராவுக்குப் போன் பண்ணச் சொல்லிக் கோயிலில் யாரோ சொன்னார்கள் என்றீர்கள். 1-300-88-5465இல் ஏஜெண்டு நடந்துகொண்ட விதத்தைப் பற்றிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கிளெய்ம் பணத்தைக் கொடு என்று தீர்ப்பளிக்கும் இடம் அதுவல்ல, அதனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

கருணைத் தொகை என்று கம்பெனி மூவாயிரமோ நாலாயிரமோ தருவதாகச் சொல்லிப் பாரம் நீட்டினால், என்னிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் போட்டுவிட்டால் மீதியைக் கேட்க முடியாமல் போகலாம். "நான் வாங்கித் தருகிறேன், இருபது பர்சன்ட் கொடுங்கள்" என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால் அனுப்பிவிடுங்கள்.

இந்த மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள், அக்கா. கோபம் எனக்குப் புரிகிறது. இப்போது நிறுத்தினால் பாலிசி நிஜமாகவே காலாவதியாகும், அடுத்த நோய்க்குக் கையில் எதுவும் இருக்காது. இனி ரொக்கம் வேண்டாம், பேங்க் வழியாகவே போகட்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மகளோடு வீட்டுக்கு வாருங்கள். ஆஸ்பத்திரி அசல் பில், டிஸ்சார்ஜ் கடிதம், அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் கொண்டுவாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் மலாய்க் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி