புறநானூறு: வாசிப்புக் குறிப்பேடு

எம்.ஏ. வரலாறு, முதல் ஆண்டு. நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: மேற்கோள் பாட்டிலிருந்து மட்டும். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பைப் பொருள் எழுதி முடித்த பிறகே பார்க்க வேண்டும்.

ஜூலை 6. பாட்டு 182

மேற்கோள்: "உண்டால் அம்மஇவ் வுலகம், இந்திரர் / அமிழ்தம் இயைவ தாயினும், இனிதெனத் / தமியர் உண்டலும் இலரே"

பொருள்: அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் உலகம் இருக்கிறது.

கேள்வி: பாடியவர் பெயர் 'கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி'. கடலில் மாய்ந்த செய்தியை அவரே தன் பெயரில் சேர்த்திருக்க முடியாது. அப்படியானால் குறிப்பு எழுதியவர் வேறு ஆள், பிந்தைய ஆள். அவருக்கு இந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது? பாட்டில் கடலே இல்லை.

ஜூலை 9. பாட்டு 184

மேற்கோள்: "காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே, / மாநிறைவு இல்லதும் பன்னாட்கு ஆகும், / நூறுசெறு ஆயினும் தமித்துப்புக்கு உணினே, / வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்"

பொருள்: நெல்லை அறுத்துக் கவளமாக்கி யானைக்குக் கொடுத்தால், ஒரு மாவுக்கும் குறைந்த நிலம் பல நாள் தாங்கும். யானை தானே வயலில் இறங்கினால் நூறு வயலும் போதாது; வாய்க்குள் போவதை விடக் காலில் மிதிபட்டு அழிவதுதான் அதிகம். வரி வாங்கும் அரசனுக்கும் இதே கணக்கு.

எங்கள் வீட்டில் அப்பா வயல் கணக்கை இன்னும் மாவில்தான் சொல்வார், அதனால் இந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். வரியே வேண்டாம் என்று பிசிராந்தையார் சொல்லவில்லை. அறுத்துக் கொடுக்கும் முறை ஒன்று வேண்டும் என்கிறார். கடைசியில் "தானும் உண்ணான், உலகமும் கெடுமே" என்று அரசனிடமே சொல்லும் துணிவும் இருக்கிறது.

கேள்வி: குறிப்பின்படி இது பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சொன்னது. பாட்டுக்குள்ளோ "அறிவுடை வேந்தன் நெறியறிந்து கொளினே" என்று ஓர் அடி வருகிறது. அரசனின் பெயரை மனத்தில் வைத்துப் புலவர் அந்தச் சொல்லைப் போட்டாரா, அந்தச் சொல்லைப் பார்த்துத் தொகுத்தவர் அரசனைச் சேர்த்தாரா? பாட்டை மட்டும் வைத்து என்னால் தீர்க்க முடியவில்லை.

ஜூலை 13. பாட்டு 112

மேற்கோள்: "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின், / எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார், / இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின், / வென்றெறி முரசின் வேந்தர்எம் / குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே"

பொருள்: அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களுடையது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை.

பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டு. விதிப்படி குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தேன். பாரி இல்லை! பறம்பும் இல்லை, மூவேந்தரும் இல்லை, வெறும் "வேந்தர்". நான் இத்தனை நாள் பாட்டில் இருப்பதாக நினைத்தவை எல்லாம் குறிப்பில்தான் இருக்கின்றன.

உடனே 110ஐப் புரட்டினேன். அங்கே பெயர்கள் பாட்டுக்குள்ளேயே வருகின்றன: "முந்நூறு ஊர்த்தே தண்பறம்பு நன்னாடு", அப்புறம் "யாமும் பாரியும் உளமே". "மூவிரும் கூடி" என்றும் இருக்கிறது. ஆக, பறம்பின் முற்றுகைக்கு 110 நேர்ச் சான்று. 112 அப்படி இல்லை.

கேள்வி: பாரி மகளிர் பாடியது என்ற மரபு உண்மையாக இருந்ததால் இந்தப் பாட்டு 110க்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதா, பக்கத்தில் வைத்ததால் நமக்கு அப்படித் தெரிகிறதா? எப்படியானாலும் துயரம் குறையவில்லை. பெயர் இல்லாமல் படித்தபோது எனக்கு அது இன்னும் கனத்தது.

ஜூலை 14. பாட்டு 248

மேற்கோள்: "அளிய தாமே சிறுவெள் ளாம்பல், / இளைய மாகத் தழையா யினவே"

பொருள்: சிறு வயதில் தழையாடையாக இருந்த ஆம்பல், கணவன் இறந்தபின் அதன் அல்லி அரிசியாக உணவாகிறது.

கேள்வி: "பொழுது மறுத்து" உண்பதைக் கைம்பெண் நோன்பின் சான்றாக எடுத்தால், அது எல்லாக் குடிகளுக்கும் பொருந்துமா? "பெருவளக் கொழுநன்" என்கிறாளே.

ஜூலை 20. பாட்டு 256

மேற்கோள்: "சிறுவெண் பல்லி போலத் தன்னொடு / சுரம்பல வந்த எமக்கும் அருளி"

பொருள்: வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லி போலக் கணவனோடு பல சுரங்களைக் கடந்தேன், குயவரே, எனக்கும் இடம் இருக்கும்படி ஈமத்தாழியை அகலமாக வனையும் என்கிறாள். சக்கரம் போன இடமெல்லாம் பல்லியும் போயிற்று. எங்கே போகிறது என்று அது கேட்கவில்லை.

போன வருடம் ஆதிச்சநல்லூரில் கண்ணாடிக்கு அடியில் தாழிகளைக் குனிந்து பார்த்தேன். அப்போது இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: இதைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. குறிப்பைச் சாராமல் பாட்டும் மண்ணும் நேராகப் பேசிக்கொள்ளும் இடம் இது. ஒரே தாழியில் இருவரின் எலும்புகள் கிடைத்ததாக அகழாய்வு அறிக்கைகளில் எங்காவது பதிவு உண்டா? திங்கட்கிழமை நூலகத்தில் இதை முதலில் பார்க்க வேண்டும்.