கயல்விழி – கார்த்திகேயன் முகூர்த்தத் தேதி பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நேற்று போனில் பேசும்போது இரண்டு பக்கமும் ஆள் மாற்றி ஆள் பேசியதில், முடிவாக எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டு நிலவரத்தை நிதானமாக எழுதி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் மே 4, ஞாயிறு, பூச நட்சத்திரம் என்று குறித்து அனுப்பியதை எங்கள் ஜோசியரிடம் காட்டினோம். அவரும் நல்ல நாள் என்றுதான் சொன்னார். வளர்பிறை, கயலின் மிருகசீரிடத்துக்கும் மாப்பிள்ளையின் உத்திரத்துக்கும் தாராபலம் இருக்கிறது. நாளில் குறை எதுவும் இல்லை. ஆனால் இந்த வருடம் நீட் தேர்வு அதே மே 4 அன்றுதான் என்று இந்த மாதம் அறிவித்துவிட்டார்கள். எங்கள் சரவணன் இரண்டாவது முறையாக எழுதுகிறான். தேர்வு மதியம் 2 மணிக்குத்தானே, தாலி கட்டியதும் கிளம்பிவிடலாமே என்று உங்கள் மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். 1.30 மணிக்கெல்லாம் மையத்தின் கதவை மூடிவிடுவார்கள். மையம் எந்த ஊரில் விழும் என்பதும் இப்போது தெரியாது. முந்தின நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பு, விடியற்காலை எழுந்து மேடை வேலை, அதற்கப்புறம் மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் பிள்ளை தாங்க மாட்டான். ஒரு வருடமாக வீட்டில் டிவி போடாமல் அவனோடு நாங்களும் படித்த மாதிரிதான் இருக்கிறோம்.

சரி, அவன் இல்லாமலே நடத்திவிடலாம் என்றும் எங்களால் நினைக்க முடியவில்லை. கயலுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். மேடையில் அக்கா கையில் பொரியிட அவன்தான் நிற்க வேண்டும், மாப்பிள்ளைக்கு மைத்துனர் மோதிரம் அவன்தான் போட வேண்டும். பெரியப்பா மகனை நிறுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். கயல் அதற்கு ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றுவிட்டாள். இதில் நான் அவள் பக்கம்தான், சம்பந்தி.

மற்ற நாட்களையும் பார்த்துவிட்டோம். நாங்கள் கேட்ட ஏப்ரல் 30 அட்சய திருதியை. நகைக்கடை வைத்திருப்பவரிடம் அந்த நாளைக் கேட்டிருக்கவே கூடாது என்று என் மனைவி சொன்னாள், அது நியாயம்தான். அதற்கு முன்னால் ஏப்ரல் 15 வரை உங்கள் பேத்திக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அப்புறம் சம்பந்தியம்மாவுக்கு விடைத்தாள் திருத்தும் பணி. ஆக ஏப்ரல் முழுவதும் போய்விட்டது. மே 9 நல்ல நாள். ஆனால் திருநெல்வேலியில் நம் கூட்டத்துக்குப் போதுமான மண்டபம் ஒன்றுகூட அன்று காலி இல்லை. 11 ஞாயிறு, சதுர்த்தசி. ரிக்தை திதி என்று எங்கள் ஜோசியர் ஒத்துக்கொள்ளவில்லை. 16ஆம் தேதி மூலம். ரிஷப ராசியான கயலுக்கு அன்று சந்திராஷ்டமம். 18, 19 இரண்டும் தேய்பிறை, உங்கள் அம்மா வளர்பிறைதான் வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லை மீறி எதுவும் வேண்டாம். மே 28 பெண்ணின் ஜன்ம நட்சத்திரம் என்று உங்கள் பக்கம் தயங்கினீர்கள், அதையும் விட்டுவிடுவோம்.

ஆனியில் வைக்க முடியாது. மாப்பிள்ளை மூத்த மகன், கயல் மூத்த மகள். அடுத்தது ஆடி. ஆவணி வரை தள்ளினால் மாப்பிள்ளை ஆகஸ்ட்டில் ஜெர்மனி போவதற்குள் கல்யாணப் பதிவு, விசா எதுவும் முடியாது. எங்கள் அம்மாவுக்கும் 84 வயதாகிறது. பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் நாங்கள் கேட்பது ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, வைகாசி 25. வளர்பிறை, சுவாதி நட்சத்திரம், இருவருக்கும் தாராபலம் உண்டு. காலை 7.30 முதல் 8.15 வரை மிதுன லக்னம். குரு லக்னத்திலேயே இருக்கிறார், ஏழாம் இடமும் எட்டாம் இடமும் சுத்தம். உங்கள் ஜோசியர் வாக்கியம் பார்க்கிறார், எங்களவர் திருக்கணிதம் என்பதுதான் இவ்வளவு நாள் இழுபறிக்கு ஒரு காரணம். குருப்பெயர்ச்சி ஒன்றில் மே 11, மற்றதில் மே 14. ஜூன் 8க்கு அந்த வித்தியாசமே வராது, இரண்டிலும் குரு மிதுனத்துக்கு வந்துவிடுகிறார். அக்னி நட்சத்திரமும் முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் திறந்திருந்தாலும் ஞாயிறு என்பதால் சம்பந்தியம்மாவுக்கு அதிகம் லீவு போட வேண்டியிருக்காது.

இதில் உங்களுக்கு ஒரு சங்கடம் இருப்பது எனக்குத் தெரியும். மறுநாள் ஜூன் 9 வைகாசி விசாகம். வருடம் தவறாமல் சுவாமிமலைக்குப் பால்குடம் எடுப்பவர் நீங்கள். கல்யாணத்தைத் திருநெல்வேலியில் வைத்தால் அன்று சாயங்காலமே கிளம்பி இரவெல்லாம் பயணம் செய்துதான் நீங்கள் ஊர் சேர முடியும். அந்த நேர்த்திக்கடனை எங்களுக்காக ஒரு வருடம் விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பெண் வீட்டில்தான் கல்யாணம் என்பது எங்கள் வழக்கம் என்றாலும், கும்பகோணத்திலேயே நடத்துகிறோம். மண்டப வாடகையும் சாப்பாடும் முன்பு பேசியபடி எங்கள் பொறுப்புதான். எங்கள் ஆட்கள் இரண்டு பஸ்ஸில் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை நீங்கள் பால்குடம் எடுக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் உங்களோடு சுவாமிமலைக்கு நடந்து வரட்டும். கயலிடம் சொன்னேன், அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பக்கம் இருந்து கேட்பது இரண்டே விஷயம். எங்கள் சமையல்காரரைத்தான் கூட்டி வருவோம், தாம்பூலத்தில் ஊர் வழக்கப்படி திருநெல்வேலி அல்வா இருக்க வேண்டும் என்று என் தம்பிகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். இன்னொன்று, எங்கள் அம்மா தங்குவதற்கு மண்டபத்துக்குப் பக்கத்திலேயே, படி ஏறாத ஒரு அறை வேண்டும். அதை நீங்கள் உள்ளூரில் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

என் சகலை அங்கே விசாரித்ததில், மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் ஜூன் 7 மாலையும் 8ஆம் தேதியும் காலியாக இருக்கிறது. வரும் வியாழன், பிப்ரவரி 20 வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். முடிந்தால் நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சாப்பாட்டுக்கூடம் போதுமா என்று உங்கள் கண்ணால் பார்த்தால் எனக்கு நிம்மதி.

உங்கள் ஜோசியர் ஜூன் 8 ஒத்துவராது என்றால், ஜூன் 5 வியாழன், தசமி, அஸ்தம் இருக்கிறது. அதுவும் இருவருக்கும் பொருந்துகிறது. வேலை நாள் என்பதால் வருகிறவர்கள் குறைவார்கள், அது ஒன்றுதான் குறை. அப்படியானால் மண்டபம் மறுபடியும் தேட வேண்டும்.

புதன்கிழமை இரவுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சரி என்றால் வியாழன் காலையே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அடுத்து வரும் நல்ல நாளில் நாங்கள் ஐந்து பேர் வந்து லக்னப் பத்திரிகை எழுதிக்கொள்கிறோம். அழைப்பிதழ் அச்சடித்ததும் முதல் பத்திரிகை உங்கள் குலதெய்வத்துக்கா எங்கள் குலதெய்வத்துக்கா என்பதை அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் நமஸ்காரம். பேத்தி பரீட்சை நன்றாக எழுதட்டும்.

இப்படிக்கு,
கயல்விழியின் அப்பா
திருநெல்வேலி, 16.2.2025