ஏழாம் வகுப்பு: சந்தைக் களப்பயணப் பாடத்திட்டம்

இந்தத் திட்டம் 36 மாணவர்கள் உள்ள ஏழாம் வகுப்புப் பிரிவுக்காக எழுதப்பட்டது. பயணத்துக்கு முன் மூன்று பாடவேளைகளும், பயண நாளன்று காலை 8.30 மணி முதல் 11 மணி வரையும், திரும்பிய பின் நான்கு பாடவேளைகளும் தேவைப்படும். ஆறு பேர் கொண்ட ஆறு குழுக்கள் அமையும். ஒவ்வொரு குழுவுடனும் ஒரு பெரியவர் இருப்பார். வகுப்பாசிரியர் எந்தக் குழுவையும் ஏற்காமல் எல்லாக் குழுக்களையும் பார்த்து வருவார். பள்ளியிலிருந்து சந்தைக்கு நடந்தே சென்றுவிடலாம் என்பதால் வாகன ஏற்பாடு இல்லை.

நோக்கம்

ஒரே பொருள், ஒரே காலை, ஒரே சந்தை; ஆனாலும் விலை கடைக்குக் கடை மாறுகிறது. ஏன் என்பதே இந்தப் பாடத்தின் ஒரே கேள்வி. கணக்கிலிருந்து சராசரி, இடைநிலை, சதவீதம் ஆகியவையும், அறிவியலிலிருந்து எடையிடுதலும் பொருள்கள் கெடும் விதமும், சமூக அறிவியலிலிருந்து விளைவிப்பவர் முதல் வாங்குபவர் வரையான தொடரும் இந்தக் கேள்விக்கு விடை காண உதவும் அளவுக்கு மட்டுமே இடம்பெறுகின்றன. சென்ற ஆண்டுப் பயணத்தில் எட்டுப் பக்கப் பணித்தாள் கொடுத்தோம். மாணவர்கள் இரண்டு மணி நேரமும் தாளைப் பார்த்தார்களே தவிரச் சந்தையைப் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை ஆளுக்கு ஒரே தாள், அதிலும் பாதி வெற்றிடம்.

பயணத்துக்கு முன்: முதல் பாடவேளை

ஆசிரியர் ஆறு பொருள்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார். அவற்றில் இரண்டு விரைவில் வாடுபவையாகவும் (கீரை போன்றவை), இரண்டு சில நாள் தாங்குபவையாகவும் (தக்காளி, வெங்காயம் போன்றவை), இரண்டு மாதக்கணக்கில் இருப்பவையாகவும் (தானியம், துடைப்பம் போன்றவை) இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஊகங்களைத் தனியாக எழுதுவார்: எந்தப் பொருளின் விலை கடைக்குக் கடை மிக அதிகமாக மாறும், எதன் விலை கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். ஊகத் தாள்களை ஓர் உறையில் இட்டு ஒட்டி, ஆசிரியர் வைத்துக்கொள்வார். இதை விட்டுவிட்டால், திரும்பி வந்த பின் எல்லோருமே தமக்கு முன்பே தெரியும் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாம் பாடவேளை: எடை

இரு தட்டுத் தராசு, முள் தராசு, மின்னணுத் தராசு ஆகிய மூன்றில் கிடைப்பவற்றை வகுப்பில் வைக்க வேண்டும். மூன்று செய்திகளை மாணவர்கள் கையால் செய்து அறிய வேண்டும். முதலாவது, எதையும் வைக்கும் முன் தராசு பூச்சியத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, பாத்திரத்தின் எடையைக் கழிப்பது. மின்னணுத் தராசில் காலிப் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கிய பிறகே பொருளை இட வேண்டும். மூன்றாவது, இரு தட்டுத் தராசில் பொருளையும் எடைக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பது. தராசுக் கோலின் இரு கைகளும் சமநீளமாக இல்லையென்றால், ஒரு முறை சமமாக நின்ற தட்டுகள் மறு முறை சாயும். முள் தராசை நேர் எதிரே நின்று படிக்காமல் பக்கவாட்டில் நின்று படித்தால் எண் மாறித் தெரியும் என்பதை, மூன்று மாணவர்களை மூன்று இடங்களில் நிறுத்திச் சொல்லச் செய்தாலே போதும், விளக்கம் வேண்டாம்.

இந்தச் சோதனைகள் வகுப்புக்கு மட்டுமே உரியவை. வணிகரின் தராசைச் சோதிக்க எவரும் முயலக் கூடாது; நாம் ஆய்வாளர்களாக அல்ல, கற்பவர்களாகச் செல்கிறோம்.

மூன்றாம் பாடவேளை: கேட்கும் முறை

மாணவர்கள் இணை இணையாக, ஒருவர் வணிகராகவும் ஒருவர் கேட்பவராகவும் நடித்துப் பார்ப்பார்கள். வணக்கம் சொல்லி, பள்ளியிலிருந்து வந்திருப்பதைத் தெரிவித்து, இரண்டு நிமிடம் பேசலாமா என்று கேட்க வேண்டும். வாடிக்கையாளர் வந்தால் உடனே ஒதுங்கி நின்று காத்திருக்க வேண்டும். "உங்களுக்கு எவ்வளவு லாபம்?" என்று கேட்கக் கூடாது. அது அவர்களின் சொந்த விஷயம். கேட்டாலும் உண்மையான எண் கிடைக்காது. அதற்குப் பதிலாக, "மாலையில் மீந்து போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், லாபத்தைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பெரும்பகுதி தானாகவே வந்துவிடும். ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை மாணவர்களே கண்டுபிடித்து, எப்படி, எப்போது, எங்கிருந்து என்று மாற்றி எழுதுவார்கள்.

பெற்றோரின் எழுத்து ஒப்புதல், ஒவ்வாமை உள்ள மாணவர்களின் பட்டியல், முதலுதவிப் பை, குடிநீர் ஆகியவை முந்தைய நாளே தயாராக வேண்டும். ஆசிரியர் இருவர் அதற்கு முந்தைய வாரத்தில் அதே கிழமையில், அதே நேரத்தில் சந்தைக்குச் சென்று, வண்டிகள் சரக்கு இறக்கும் பகுதி, குழுக்கள் கூடுவதற்கான நிழலான இடம், கழிப்பறை ஆகியவற்றைக் குறித்து வருவதோடு, பேச விருப்பமுள்ள வணிகர்களிடம் முன்கூட்டியே சம்மதம் பெற்று வருவார்கள்.

பயண நாள்: சந்தையில் செய்ய வேண்டியவை

சந்தையை அடைந்ததும் முதல் பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதக் கூடாது. குழு ஓரிடத்தில் நின்று பார்க்கவும் கேட்கவும் மட்டும் வேண்டும். எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறது, எது வாசலுக்கு அருகில் உள்ளது, யார் எடை போட்டு விற்கிறார், யார் கூறு கட்டி விற்கிறார், யார் தண்ணீர் தெளிக்கிறார் என்பவை கண்ணில் பட வேண்டும். பத்து நிமிடம் முடிந்ததும் நினைவிலிருந்து ஐந்து வரி எழுதுவார்கள்.

முதல் பணி விலை திரட்டுதல். ஒவ்வொரு குழுவும் தனக்குரிய ஒரு பொருளை மட்டும் ஐந்து கடைகளில் விசாரிக்கும். விலையோடு அளவும், தரம் பற்றிய ஒரு சொல்லும் (புதியது, வாடியது, பெரியது, சிறியது), கடை இருக்கும் இடமும், கேட்ட நேரமும் குறிக்கப்பட வேண்டும். 250 கிராம் விலையை நான்கால் பெருக்கிக் கிலோ விலையாக்கும் கணக்கை அங்கே செய்ய வேண்டாம். கேட்டதைக் கேட்டபடியே எழுதினால் போதும். கூறாக விற்கப்படும் பொருளுக்கு, ஒரு கூறில் எத்தனை உள்ளன என்று எண்ணியும், எடை எவ்வளவு இருக்கும் என்று ஊகித்தும் எழுதுவார்கள். பிறகு அந்தக் கூறு ஒன்றைக் குழுப் பணத்தில் வாங்கி வர வேண்டும். வகுப்பில் நிறுத்துப் பார்க்கும்போது ஊகம் எவ்வளவு தவறியது என்பது தெரியும்.

இரண்டாம் பணி ஒரே ஒரு வணிகருடன் உரையாடுதல். பொருள் எங்கிருந்து வருகிறது, எத்தனை கை மாறி வருகிறது, எந்த நேரத்தில் கடைக்கு வந்து சேர்கிறது, எது முதலில் கெடும் ஆகிய நான்கும் கட்டாயம். மற்றவை மாணவர்களின் விருப்பம். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, மற்றவர்கள் கவனிப்பார்கள். படம் எடுப்பதானால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஆட்களின் முகம் வேண்டாம், பொருள்களும் தராசும் போதும்.

பேரம் பேசுவது பணியில் இல்லை. ஆனால் யாராவது பேரம் பேசுவதைக் கேட்க நேர்ந்தால், முதலில் சொன்ன விலையையும் முடிவான விலையையும் குறித்துக்கொள்ளலாம். 10.30 மணிக்கு அனைவரும் கூடுமிடத்தில் தலை எண்ணப்பட்ட பிறகே திரும்ப வேண்டும்.

திரும்பிய பின்

முதல் பாடவேளையில் எல்லா விலைகளும் கிலோ விலையாகவோ ஒரு எண்ணிக்கையின் விலையாகவோ மாற்றப்படும். ஊக உறை அதற்குப் பிறகே திறக்கப்படும்.

இரண்டாம் பாடவேளையில் சராசரியும் இடைநிலையும். திரட்டிய எண்களுக்குள் நுழையும் முன் இந்தப் பயிற்சி எண்களைக் கரும்பலகையில் இடலாம்: ஐந்து கடைகளில் 18, 20, 20, 22, 40. கூட்டினால் 120, சராசரி 24. வரிசையில் நடுவில் இருப்பது 20. ஐந்தில் நான்கு கடைகளில் விலை 24-ஐ விடக் குறைவு என்னும்போது, சந்தை விலை 24 என்று சொல்வது சரியா? 40 சொன்ன கடை தவறா, அல்லது அங்கே பொருள் வேறு தரமா? இந்தக் கேள்வியிலேயே வகுப்பு பாதி நேரம் நின்றாலும் பரவாயில்லை. தரம் பற்றி எழுதிய ஒற்றைச் சொல் அப்போதுதான் பயன்படும். எழுதாமல் விட்ட குழுவுக்கும் அதன் அருமை அப்போதுதான் தெரியும்.

மூன்றாம் பாடவேளைதான் இந்தத் திட்டத்தின் மையம். ஒரு வணிகர் கிலோ 20 வீதம் 50 கிலோ வாங்கி, கிலோ 25 வீதம் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் எத்தனை சதவீதம் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் 25 என்பார்கள். இப்போது, 5 கிலோ வாடி வீணானது என்று சேர்க்க வேண்டும். போட்ட முதல் 1,000. விற்ற 45 கிலோவுக்குக் கிடைத்தது 1,125. மிஞ்சியது 125, அதாவது 12.5 சதவீதம். பத்தில் ஒரு பங்கு வீணானதற்கு லாபத்தில் பாதி போய்விட்டது. வண்டிக்கூலியும் இட வாடகையும் இன்னும் கழிக்கப்படவில்லை. மாலையில் 25-க்கு விற்க வேண்டியதை 15-க்குத் தருவது ஏன் என்பதை இதிலிருந்து மாணவர்களே சொல்ல வேண்டும்: 15-க்கு விற்றால் கிலோவுக்கு 5 நட்டம், வீணாகப் போனால் 20 நட்டம்.

இங்கேயே அறிவியலை இணைக்கலாம். பறித்த கீரையின் இலைகள் நீரை ஆவியாக இழந்துகொண்டே இருக்கின்றன. வேரிலிருந்து நீர் வருவது நின்றுவிட்டதால் வாடுகின்றன. தண்ணீர் தெளிப்பது அந்த இழப்பைக் குறைக்கிறது. எடையையும் கொஞ்சம் கூட்டுகிறது. வாங்கி வந்த கீரைக் கட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஈரத்துணியில் சுற்றியும் மற்றொன்றைத் திறந்தும் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்து எழுதினால் எடை குறைவது எண்ணில் தெரியும். தானியம் உலர்ந்திருப்பதால் அப்படிக் கெடுவதில்லை. கடைக்குக் கடை, வேளைக்கு வேளை விலை மாறும் பொருள்களில் விரைவில் வாடுபவை முன்னால் நிற்கின்றனவா என்பதை மாணவர்கள் தம் அட்டவணையிலேயே சரிபார்ப்பார்கள். நிற்காத பொருள் ஒன்று இருந்தால், அதுவே நல்ல விவாதப் பொருள். அதை ஆசிரியர் அவசரப்பட்டு விளக்கிவிடக் கூடாது.

நான்காம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் தன் பொருளின் பாதையை ஒரு பெரிய தாளில் வரையும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விலை ஏன் கூடியது என்று எழுத வேண்டும். எடுத்துச் செல்லுதல், தரம் பிரித்தல், சேமித்தல், கெடும் ஆபத்தை ஏற்றல் ஆகியவற்றில் எது அங்கே நடக்கிறது என்று சொல்லாமல், இடைத்தரகர் லாபம் என்று மட்டும் எழுதினால் தாள் திருப்பித் தரப்படும்.

மதிப்பீடு

மொத்தம் 20 மதிப்பெண்: களத்தில் எழுதிய குறிப்புகளின் முழுமைக்கு 6, கணக்குக்கு 5, பாதைப் படத்துக்கு 4, தனிக் கட்டுரைக்கு 5. கட்டுரை ஒரு பக்கம், தலைப்பு, "என் ஊகம் எங்கே தவறியது?" ஊகம் சரியாக இருந்த மாணவர், தான் சொன்ன காரணம் சரிதானா என்று எழுத வேண்டும். ஊகம் தவறியதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது.

பேசிய ஆறு வணிகர்களுக்கும் குழுக்கள் தங்கள் கையெழுத்தில் நன்றிக் கடிதம் எழுதி, அவரவர் பொருளின் பாதைப் படத்தின் நகலையும் இணைத்து, அடுத்த சந்தை நாளில் இரண்டு மாணவர்களும் ஒரு பெரியவருமாகச் சென்று நேரில் கொடுப்பார்கள். படத்தில் பிழை இருப்பதாக வணிகர் சொன்னால், அந்தத் திருத்தத்தைக் குறித்து வந்து வகுப்புச் சுவரில் உள்ள மூலப் படத்திலும் சேர்க்க வேண்டும்.