மதிப்பீட்டாளர் அறிக்கை: விண்ணப்ப எண் 47

விண்ணப்பத்தின் பொருள்: பொதுக் குழாய்களில் தானியங்கிக் குளோரின் கருவி பொருத்தி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைத்தல்
கோரும் காலம்: 24 மாதங்கள்
மதிப்பீட்டாளர்: குழு உறுப்பினர் 3
நலமுரண்: ஆய்வாளர்கள் யாருடனும் கூட்டுக் கட்டுரையோ, பணத் தொடர்போ எனக்கு இல்லை. துணை ஆய்வாளர் ஒருவரும் நானும் முன்பு ஒரு தேர்வுக் குழுவில் ஒன்றாக இருந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சுருக்கம்

கேள்வி நல்ல கேள்வி. களத்தில் வேலை செய்யத் தெரிந்த குழு என்பதும் முன்னோட்ட ஆய்வைப் படித்தாலே புரிகிறது. ஆனால் இப்போதைய அளவில் நடத்தினால், நோய் பாதியாகக் குறைந்தால் மட்டுமே இந்த ஆய்வின் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அந்தப் பாதியைக்கூட உறுதியாகப் பிடிக்காது. கால்வாசி குறைந்திருந்தால் "பயனில்லை" என்றுதான் முடிவு வரும். நல்ல கருவிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் ஆய்வுக்குப் பணம் தர எனக்கு மனமில்லை. திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

நோக்கங்கள்

மூன்று நோக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது வயிற்றுப்போக்கு, இரண்டாவது தண்ணீரில் எஞ்சிய குளோரினும் ஈ. கோலையும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. முதலாவது தோற்றால் ஏன் தோற்றது என்று இரண்டாவது சொல்லும்.

மூன்றாவது நோக்கம், குழந்தைகளின் உயர வளர்ச்சி. அதை எடுத்துவிட வேண்டும். வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்து 2018இல் வெளிவந்த பெரிய சோதனைகளில், தண்ணீர்ச் சுத்திகரிப்பு உயரத்தைக் கூட்டவில்லை. அவ்வளவு பெரிய ஆய்வுகளில் தெரியாதது, 800 குழந்தைகளை ஓர் ஆண்டு பார்த்தால் தெரிந்துவிடுமா? விண்ணப்பம் அந்த முடிவுகளைப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. உயரம் அளக்கும் பலகைகள், அதற்கான பயிற்சி, இரண்டு களப்பணியாளர்கள் என இதற்குப் போகும் பணத்தை ஆய்வகத்துக்குத் திருப்பலாம்; அங்கேதான் பற்றாக்குறை.

ஆய்வு முறை

என் பெரிய கவலை இங்கேதான். கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

வயிற்றுப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறையும் என்று வைத்துக்கொண்டு, 80 சதவீதத் திறனுக்குப் பக்கத்துக்கு ஏறக்குறைய 353 குழந்தைகள் என்று வந்திருக்கிறார்கள். பத்து சதவீதம் பேர் விடுபடலாம் என்று சேர்த்து 400 ஆக்கியிருக்கிறார்கள். இரு பக்கமும் சேர்த்து 800 பேர், 20 குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் 40 பேர். குழந்தைகளைத் தனித்தனியாகக் குலுக்கிப் போட்டிருந்தால் இது சரி. ஆனால் குலுக்கிப் போடுவது குடியிருப்புகளை. ஒரே குழாயில் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒரே மாதிரிதான் நோய் வரும். அந்த ஒற்றுமைக்குக் கணக்கில் இடமே கொடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதற்குத் தேவையான எண் இவர்களிடமே இருக்கிறது. முன்னோட்ட ஆய்வின் பின்னிணைப்பில் ρ = 0.03 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதை எடுத்துப் போட்டால்:

```
1 + (m − 1) × ρ
1 + (40 − 1) × 0.03 = 2.17
```

அதாவது 800 குழந்தைகள் இருந்தாலும் புள்ளியியல் கண்ணுக்கு 369 பேர்தான். நோய் பாதியாகக் குறையும் என்ற துணிச்சலான ஊகத்துக்கே பக்கத்துக்குச் சுமார் 20 குடியிருப்புகள் வேண்டும், இருப்பதோ 10. கால்வாசி குறையும், அதாவது 12இலிருந்து 9 ஆகும் என்று எதிர்பார்த்தால் பக்கத்துக்குச் சுமார் 90 குடியிருப்புகள் வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலும் இன்னும் பத்துக் குழந்தைகளைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் குழு ஏற்கக் கூடாது. குடியிருப்புகளைக் கூட்டினால்தான் பலன்.

அந்தப் பாதிக்கணக்கும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முன்னோட்டத்தில் எடுத்த மாதிரிகளில் 61 சதவீதத்தில்தான் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமோ அதற்கு மேலோ எஞ்சிய குளோரின் இருந்தது. நல்ல தண்ணீர் 61 சதவீதம் பேருக்கே போய்ச் சேர்கிறது என்றால், மொத்தத்தில் நோய் பாதியாக, அந்த 61 சதவீதம் பேரிடம் அது 80 சதவீதத்துக்கு மேல் குறைய வேண்டும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகளும் வயிற்றுப்போக்குக் கொடுக்கும்போது இது நடக்கிற காரியமில்லை. டாக்காவில் இதே வகைக் கருவியை வைத்து நடத்தி 2019இல் வெளியிட்ட சோதனையில் கிடைத்தது 23 சதவீதக் குறைவு. அந்த எண்ணை வைத்துத்தான் இவர்கள் திட்டமிட்டிருக்க வேண்டும்.

முழுக்க வழியில்லை என்று சொல்லவில்லை. களப்பணியாளர்கள் தண்ணீர் மாதிரி எடுக்க மாதாமாதம் வீட்டுக்குப் போகத்தான் போகிறார்கள். ஆனால் வயிற்றுப்போக்கைப் பற்றிய கேள்வியைக் கடைசி மாதத்தில் ஒரே ஒரு தடவை கேட்கப் போகிறார்கள். அதே வாசலில் நின்று மாதம் ஒரு தடவை கேட்டால் செலவு அதிகமில்லை, தகவல் பல மடங்கு. குடியிருப்புகளின் எண்ணிக்கைக் குறையை அது முழுதாகத் தீர்க்காது, ஆனால் ஓரளவு ஈடுகட்டும்.

அடுத்தது, நோயை அளப்பது அம்மாவின் வாய்ச்சொல்லை வைத்து. எந்தக் குழாயில் கருவி இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். கருவி கொடுத்தவர்கள் வந்து "குழந்தைக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டால், "இல்லைங்க, நல்லா இருக்கு" என்பதுதான் மரியாதையான பதில். டாக்கா சோதனையில் மறுபக்கக் குழாய்களிலும் அதே போன்ற கருவியைப் பொருத்தி, குளோரினுக்குப் பதில் வைட்டமின் சி போட்டார்கள். இங்கே அப்படி ஏன் செய்யவில்லை என்று ஒரு விளக்கமாவது வேண்டும். செய்ய முடியாது என்றால், பெற்றோரின் சொல்லைச் சாராத இன்னொரு அளவை முதன்மை அளவோடு சேர்க்கட்டும்.

இனி ஒரு சின்ன விஷயம். சின்னது போலத் தெரியும், ஆனால் இரண்டாவது நோக்கத்தையே கவிழ்த்துவிடும். பின்னிணைப்பு 3இல் மாதிரி எடுக்கும் முறையை வரிவரியாக எழுதியிருக்கிறார்கள்: கிருமி நீக்கிய புட்டி, 100 மில்லி, பனிப்பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். எல்லாம் சரி. சோடியம் தயோசல்பேட்டைக் காணோம். அதைப் புட்டியில் முன்கூட்டியே போடவில்லையென்றால், வண்டியில் வரும் நேரமெல்லாம் குளோரின் புட்டிக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். கருவி உள்ள குழாயின் தண்ணீர், வீட்டில் குடித்ததைவிடச் சுத்தமாக ஆய்வகத்தில் தெரியும். கருவி இல்லாத பக்கத்தில் குளோரினே இல்லாததால் அங்கே இந்தப் பிழை வராது. பிழை ஒரே பக்கம், அதுவும் அவர்களுக்குச் சாதகமான பக்கம். மறதியாகத்தான் இருக்கும், ஆனால் எழுத்தில் இல்லாததைக் களப்பணியாளர் செய்வார் என்று நம்ப முடியாது. எஞ்சிய குளோரினை அளக்கும் டிபிடி சோதனையைக் குழாயடியிலேயே முடிப்பதாகச் சொல்வது நல்லது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நடக்கக்கூடியதா?

கருவி பொருத்துவது, மக்களிடம் பேசுவது, பணியாளர்களை நிர்வகிப்பது இவையெல்லாம் இவர்களால் முடியும். நாட்காட்டிதான் இடிக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதல் மாதத்திலேயே வந்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள். இருபது குடியிருப்புகள், சிறு குழந்தைகள், குடிதண்ணீரில் சேர்க்கும் ரசாயனம்: ஒரு மாதத்தில் முடியும் காரியமா? மூன்று மாதம் தள்ளினால் கடைசிக் கணக்கெடுப்பு நோய் குறைவான பருவத்தில் போய் விழும். 12 சதவீதம் என்ற அடிப்படையே அப்போது ஆட்டம் காணும். மாதாமாதம் கேட்டால் இந்தச் சிக்கலும் தானாகத் தளரும்.

குழாயில் 2 மில்லிகிராம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 5 மில்லிகிராம் வரம்புக்குள்தான், ஆனால் அதைவிட மிகக் குறைவான அளவிலேயே சிலருக்கு வாடை தெரிந்துவிடும். முன்னோட்டத்தில் எத்தனை வீடுகள் வேறு குழாய்க்குப் போயின என்பதை எழுதட்டும். அந்த 61 சதவீதத்துக்கு விடை அங்கே இருக்கலாம்.

வரவுசெலவு

மொத்தத்தில் கருவிகள் 38 சதவீதம், சம்பளம் 31, ஆய்வகம் 7, வாகனம் 9, மீதி இதர செலவு. பணம் அதிகமாகக் கேட்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தவறான இடத்தில் கேட்கிறார்கள்.

பத்துக் குடியிருப்பு, குடியிருப்புக்கு மூன்று குழாய். முப்பது கருவி போதும், கேட்டிருப்பது அறுபது. மாற்றுக் கருவி என்றால் முப்பது அதிகம். மறுபக்கத்துக்கு வைட்டமின் சி போடத்தான் என்றால் நான் மகிழ்வேன், ஆனால் அப்படி எங்கும் எழுதவில்லை.

ஆய்வகத்தில் இதற்கு நேர்மாறு. மாதம் 200 வீடுகள், பன்னிரண்டு மாதம் என்றால் 2,400 மாதிரிகள். தரச்சோதனைக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 2,640. பட்டியலில் உள்ளது 1,200 சோதனைக்கான பொருள்கள் மட்டுமே. ஆறாவது மாதம் இவர்களிடம் பொருள் தீர்ந்துவிடும்.

புள்ளியியலாளருக்கு 24 மாதத்தில் 5 சதவீத நேரம், அதாவது ஒரு மாதமும் சில நாட்களும். மேலே சொன்ன பிழை எப்படி நடந்தது என்பதற்கு இதுவே விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாகனத்தை வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் அவருடைய நேரத்தைத் தாராளமாகக் கூட்டலாம். பயணம், அச்சு போன்றவற்றில் எனக்குக் கேள்வி இல்லை.

மதிப்பெண் (5 உச்சம்)

நோக்கத்தின் முக்கியத்துவம் 4, ஆய்வு முறை 2, நடைமுறைச் சாத்தியம் 3, வரவுசெலவு 2, குழுவின் திறன் 4.

குழுத் தலைவருக்கு மட்டும்

உறுப்பினர் 1 இதற்கு ஆய்வு முறையில் 4 கொடுத்திருப்பதைப் பார்த்தேன். பின்னிணைப்பின் அந்த 0.03ஐ அவர் கவனித்தாரா என்று கூட்டத்தில் கேட்க விரும்புகிறேன். நான் அதைத் தவறாகப் படித்திருந்தால் என் 2ஐ மாற்றத் தயார். இன்னொன்று: கருவி தயாரிப்பவருக்கும் துணை ஆய்வாளர் ஒருவருக்கும் ஆலோசனை ஒப்பந்தம் இருப்பதை அவர்களே 11ஆம் பக்கத்தில் தெரிவித்திருக்கிறார்கள். தெரிவித்தது நேர்மை. ஆனால் தரவைப் பகுப்பாய்வு செய்பவரும் அவரேதான். திருத்திய விண்ணப்பத்தில் அந்த வேலை வேறு ஒருவர் கைக்குப் போக வேண்டும். இதை விண்ணப்பதாரருக்குப் போகும் கடிதத்தில் நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.